சுனைக்கு மேலே ஓர் ஊர்

குடிநீர்த் திட்ட நிறைவு விழாவில் பேச எழுந்தபோது தொண்டை கட்டியிருந்தது. ஜவ்வாது மலையில் இரண்டு வருடம் கத்திக் கத்திப் போன தொண்டை.

"மோட்டாரே இல்லாம, சுனைத் தண்ணிய ஆறு ஊருக்குக் குழாயில கொண்டுவந்துட்டோம். பள்ளம் தோண்டின அர்ச்சுனன் குழுவுக்கும், அளவெடுத்த சகுந்தலா மேடத்துக்கும் நன்றி" என்றேன்.

கைதட்டினார்கள். சாம்பார் வாசனை வந்துவிட்டது. முடித்துவிடப் பார்த்தேன்.

பின்வரிசையில் மேல்பாறையூர் ஆனந்தி எழுந்தார். சுனை அவர்கள் ஊர் நிலத்தில்தான் இருக்கிறது. வீடுகளோ அதற்கும் மேலே. தண்ணீர் தானாக மேடேறாது. மோட்டாருக்கு நிதி கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். விழாவில் அந்தப் பேச்சே வேண்டாம் என்றது எங்கள் தலைமை அலுவலகம்.

"தஸ்லீம் மேடம், எங்க ஊர வுட்டுட்டீங்களே?"

"உங்களுக்குத்தான் தண்ணி வரலையேம்மா..."

"வரலன்னா இன்னா? சொனையக் குடுத்தது நாங்கதானே? நன்றியிலயாச்சும் எங்க ஊரு பேரு வரட்டும்."

"மேல்பாறையூருக்கு நன்றி" என்றேன். எல்லோரும் தட்டினார்கள். ஆனந்தியும் தட்டினார்.

சாப்பிட்டு முடித்ததும், பந்தல் ஓரத்துப் புதுக் குழாயில் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு மேடேறினார்.