சுத்தமான இருநூற்று முப்பது

வரதராஜுலுவுக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஸ்டெபிலைசர் செய்யும் பட்டறை வைத்திருக்கிற மனுஷனுக்கு அது இல்லாமல் தொழில் ஓடாது. டி.வி. எரிந்துபோச்சு, ஃபிரிட்ஜ் எரிந்துபோச்சு என்று யார் வந்து நின்றாலும், "கரண்டைப் பத்தித் தெரியாம ஏனுங்க அதுல கை வெக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். எரித்துக்கொண்டு வந்தவர் அசடு வழிய நிற்பார். அந்த அசட்டைப் பார்ப்பதில் இவருக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. இப்போது நினைத்தால் அவருக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்போது இருந்தது.

பட்டறை பெயர் மேக்னா எலெக்ட்ரிக்கல்ஸ். மகள் பெயர். அந்த மேக்னா அமெரிக்காவில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றேழாம் வருஷம் கோடையில் ஒரு மாத லீவில் வந்தபோது கையோடு ஒரு லேப்டாப் கொண்டுவந்தாள். நொய்யலில் கலக்கிற சாயத் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி. கடைசி அத்தியாயத்தை ஊருக்கு வந்துதான் எழுத வேண்டியிருந்தது. பாதி நாள் ஆற்றங்கரையிலும் மீதி நாள் அறைக்குள்ளும் இருந்தாள்.

வீடு பட்டறையிலிருந்து உள்ளே தள்ளி, தோட்டங்களுக்கு நடுவில், லைனின் கடைசிக் கம்பத்தில் இருந்தது. சுற்றிலும் கிணற்று மோட்டார்கள். அவை ஓடுகிற நேரமெல்லாம் வீட்டில் நூற்று முப்பது வோல்ட் வந்தால் பெரிய பாக்கியம். குண்டு பல்பு பழுத்த எலுமிச்சை நிறத்தில் எரியும், ஃபேன் றெக்கையை எண்ணிவிடலாம். ராத்திரி மோட்டார்கள் நின்றதும் வோல்டேஜ் ஒரே தாவாகத் தாவும். அதனால் படுக்கப் போகும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவது அந்த வீட்டுப் பழக்கம். மேக்னாவும் மறக்காமல் பிடுங்குவாள்.

வந்த அன்றே அவர் லேப்டாப்பின் அடாப்டரை எடுத்துப் பார்த்தார். பாதிச் செங்கல் கனம்.

"கம்பெனி அடாப்டர் தொலைஞ்சுபோச்சுங் நைனா. இது அங்க சல்லிசாக் கெடச்சுது. இந்தியாவுல ஓடுமான்னு கேட்டேன், இந்தப் பிளக்கையும் சேத்து வாங்கிக்கோ, எங்கயும் ஓடும்னு கடைக்காரன் சொன்னான்" என்றாள் மேக்னா. அவர்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அமெரிக்க அடாப்டரின் தட்டைக் கால்களை நம் ஊர் உருண்டை ஓட்டைக்குள் சொருக ஒரு பிளாஸ்டிக் பிளக். அதன் முதுகில் '110-250 வோல்ட்' என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று போட்டிருந்தது. வரதராஜுலு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் படித்தார்.

"நூத்திப் பத்துல இருந்து எரநூத்தி அம்பது வரைக்கும் தாங்குமாமா. அப்பறமென்ன கண்ணு, தைரியமாப் போடு" என்றார்.

அந்தப் பிளக்குக்குள் இருப்பது இரண்டு பித்தளைத் தகடு. அது வோல்ட்டை மாற்றுவதில்லை. ஓட்டையை மட்டும் மாற்றும். எந்த வோல்ட்டைக் கொடுத்தாலும் தான் உருகாமல் கடத்திவிடும் என்பதைத்தான் அது முதுகில் எழுதி வைத்திருந்தது. அடாப்டர் எதைத் தாங்கும் என்பது அடாப்டரின் அடிவயிற்றில் பொடி எழுத்தில் இருந்தது: நூற்று இருபது வோல்ட், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் கரண்டோடு குடும்பம் நடத்தியவர் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. மகள் முன்னால் எதையாவது திருப்பித் திருப்பிப் பார்த்தால் தெரியாதவர் மாதிரி இருக்கும் அல்லவா?

செருகினார்கள். லேப்டாப் ஓடியது. ஓடாமல் என்ன? அமெரிக்காவில் வருவது நூற்று இருபது, இவர் வீட்டில் வருவது நூற்று முப்பது. மின்சார வாரியத்தின் புண்ணியத்தில் அந்த அடாப்டருக்குச் சொந்த ஊரில் இருப்பது போலவே இருந்தது. வாரம் மூன்று ஓடியது.

வினை அவர் மனைவி லட்சுமியம்மாள் வாயில் வந்தது. பாவம், அவள் மேல் தப்பில்லை.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் ஸ்டெபிலைசர் விக்கறீங்க. பெத்த புள்ள மங்குன வெளிச்சத்துல கண்ணைக் கெடுத்துக்கறா. அவ ரூமுக்கு ஒண்ணு கொண்டாந்து வெச்சா கொறஞ்சா போயிருவீங்க?" என்றாள்.

வரதராஜுலுவுக்குச் சுருக்கென்றது. மறுநாளே பட்டறையில் இருப்பதிலேயே ஒசத்தியான மாடலைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகப்பில் மீட்டர், மேலே பொன்னெழுத்தில் 'மேக்னா'. உள்ளே வருவது நூற்று இருபதாக இருந்தாலும் இதற்கு வெளியே வருவது இருநூற்று முப்பதுதான். மகளின் மேஜை விளக்கு, லேப்டாப் இரண்டையும் அதில் மாட்டினார்.

"இனி உன் மெசினுக்கு ஒரு பயமும் இல்ல அம்மணி. இடி உளுந்தாலும் முள்ளு அசையாது பாரு."

சுவிட்சைப் போட்டார். உள்ளே டக், டக் என்று ரிலே விழுந்தது. முள் எழும்பி இருநூற்று முப்பதில் போய் நின்றது. விளக்கு வெள்ளையாகச் சிரித்தது. பிறகு அடாப்டர் உறும ஆரம்பித்தது.

"நைனா, சத்தம் வருதுங்களே?"

"இத்தன நாளு பட்டினி கெடந்துச்சல்ல கண்ணு, இப்பத்தான் வகுறு நெறையத் திங்குது" என்றார்.

இந்த வாக்கியம் பிற்பாடு பல வருஷம் அவரைத் தூங்கவிடாமல் படுத்தியது. சொல்லி முடித்து அவர் மீட்டரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வாசனை வந்தது. வார்னிஷ் கருகுகிற வாசனை. செப்புக் கம்பிச் சுருள் எரிந்தால் வருகிற அந்த வாசனையை அவர் மூக்கு தூக்கத்திலும் கண்டுபிடிக்கும். யார் வீட்டிலிருந்தோ வருகிறது என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். அதற்குள் மேக்னா, "ஐயோ நைனா!" என்று கத்திப் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். லேப்டாப் திரை அணைந்து கிடந்தது. அதன் பக்கவாட்டு இடுக்கிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது.

அப்போதுதான் அவர் அடாப்டரைத் திருப்பினார். சூடு கையைச் சுட்டது. நூற்று இருபது. இரு மடங்கு கரண்டை ஊட்டியதில் அடாப்டரும் இரு மடங்காக்கி லேப்டாப்புக்குள் தள்ளியிருக்கிறது. ஸ்டெபிலைசர் மேல் குற்றமே சொல்ல முடியாது. கேட்டதை அட்சரம் பிசகாமல் கொடுத்தது. அவர் வாழ்நாளில் செய்த ஸ்டெபிலைசர்களிலேயே அதுதான் ரொம்ப ஒழுங்காக வேலை செய்தது. அதை நினைத்து அவருக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. உடனே தன் கன்னத்தில் தானே போட்டுக்கொள்ளலாம் போல வந்தது.

"எழுதுனதெல்லாம்?" என்று கேட்டார்.

"உள்ளதான் இருக்குங் நைனா. ஃப்ளாப்பி போடற பாகத்தைத் தனியாக் கழட்டி மாட்டோணும். கனம்னு அமெரிக்காவுலயே வெச்சுப்போட்டு வந்துட்டேன், வேற காப்பி எதுவும் இல்லீங்." அவள் அழவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். அது அழுகையைவிட அவருக்கு வலித்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விமானம்.

உக்கடத்தில் அவர் சரக்கை விற்கிற ரசாக் பாயின் மகன் இல்யாஸ் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். அங்கே கொண்டுபோனார்கள். இல்யாஸ் பிரித்துப் பார்த்தான். கரண்ட் நுழைகிற போர்டு கரியாகியிருந்தது. பக்கத்தில் இருந்த மற்ற போர்டுகளிலும் தீய்ந்த தடம்.

"ஸ்டெபிலைசர் வெச்சிருக்கலாங்களே மாமா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டான்.

வரதராஜுலு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மேக்னாவுக்கு அப்போதுதான் முதல் தடவை சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"மெசின் அவ்வளவுதானுங்க. ஹார்ட் டிஸ்க் தப்பிச்சிருக்கலாம். ஆனா இதோட பின்னு பொடிசு, நம்ம பெரிய கம்ப்யூட்டர்ல மாட்ட முடியாது. அதுக்கு ஒரு கனெக்டர் இருக்கு, பெங்களூர்ல இருந்து வரோணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆவாது. ஒயரை ஒண்ணொண்ணாப் பத்தவெச்சுத்தான் பாக்கோணும். எனக்குக் கை அவ்வளவு நிக்காதுங்க மாமா."

ஈயம் உருக்கிப் பற்றவைப்பது வரதராஜுலுவின் பட்டறையில் தினப்படி வேலை. 'நான் செய்யறேன்' என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்து நின்றது. முன்பென்றால் அது வெளியே குதித்து, மேலே இரண்டு வாக்கியம் பெருமையும் பேசியிருக்கும்.

"நான் செய்யட்டுமா கண்ணு?" என்று கேட்டார். மகளிடம் அனுமதி கேட்பது அதுதான் அவருக்கு முதல் தடவை.

மேக்னா டிஸ்க்கை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். "செய்யுங் நைனா" என்றாள்.

மறுநாள் காலை இல்யாஸ் ஒரு கம்ப்யூட்டரைப் பட்டறைக்கே கொண்டுவந்து வைத்தான். வரதராஜுலு லென்ஸ் விளக்கின் கீழே உட்கார்ந்து தலைமுடி மாதிரியான ஒயர்களைப் பின் பின்னாகப் பற்றவைத்தார். மத்தியானச் சோறு ஆறிப்போனது. நடுவில் ஆள் வந்து எதையோ கேட்டபோது கையை மட்டும் ஆட்டித் துரத்தினார். கடைசியாகக் கரண்டு தருகிற ஒயர் பாக்கி. கம்ப்யூட்டரிலிருந்து சிவப்பு, மஞ்சள் என்று இரண்டு வந்தன.

"சிவப்பு அஞ்சு வோல்ட்டுங்க, மஞ்சள் பன்னெண்டு. இந்தக் குட்டி டிஸ்க்குக்கு அஞ்சுதான். மஞ்சளைக் குடுத்தா அத்தோட முடிஞ்சுது" என்றான் இல்யாஸ்.

வரதராஜுலு சிவப்பு ஒயரைப் பிடித்து, மீட்டரை வைத்து அளந்தார். ஐந்து. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். ஐந்துதான். ஆனாலும் பற்றவைக்கிற கோலை எடுக்கக் கை வரவில்லை. அவருக்கு அவர் கண் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

"இங்க வா கண்ணு. நீ படி."

மேக்னா குனிந்து பார்த்தாள். "அஞ்சுங் நைனா."

"மீட்டர் பேட்டரி நல்லாருக்குதா பாரு."

"இருக்குதுங் நைனா."

"இல்யாஸு, நீயும் ஒருக்காப் படிச்சுப்போடு."

"அஞ்சுதானுங்க மாமா" என்றான் இல்யாஸ்.

பற்றவைத்து, இன்னொரு தரம் அளந்துவிட்டு, சுவிட்சை மகளிடம் விட்டுவிட்டு அவர் நாலடி தள்ளிப்போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார். கண்ணை மூடிக்கொண்டார் என்று இல்யாஸ் பிறகு சொன்னான், இவர் ஒப்புக்கொள்ளவில்லை. டிஸ்க் மெல்ல விசில் அடிப்பது போலச் சுழல ஆரம்பித்தது. திரையில் வரிகள் ஓடின. அப்புறம் மேக்னாவின் கோப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி அத்தியாயம், முந்தாநாள் அவள் எழுதி நிறுத்திய வரி வரைக்கும், முழுசாக இருந்தது.

அவள் திரும்பி, "நைனா!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வரதராஜுலு வேஷ்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். புழுக்கம் என்று சொல்லிக்கொண்டார்.

அவள் எல்லாவற்றையும் இரண்டு ஃப்ளாப்பியில் பதிந்தாள். ஒன்றைத் தன் பைக்குள் போட்டாள். இன்னொன்றை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள்.

"இது உங்ககிட்ட இருக்கட்டுங் நைனா. எனக்கு என்ன ஆனாலும் ஒண்ணு பத்திரமா இருக்கோணும்."

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு என்னிடமா என்று கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. மேஜையில் மூன்று டிரான்ஸ்ஃபார்மர் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் திருகாணி பிடிக்கிற காந்தம் இருந்தது. வீட்டுக்குப் போனால் அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஃப்ளாப்பியில் எழுதியிருப்பதை அழிக்க நெருப்பெல்லாம் வேண்டாம், ஒரு காந்தம் பக்கத்தில் இருந்தால் ஆச்சு, ஓடுகிற டிரான்ஸ்ஃபார்மரும் காந்தம்தான். அவர் அன்பாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டாலே போதும்.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

"என்னைய நம்பாத கண்ணு. அம்மாகிட்டக் குடு, அரிசி டின்னுக்குள்ள வெக்கட்டும்" என்றார்.