நாற்பது சென்

"ஆய்வேடு ஒரு காப்பிக்கு அறுபத்து நாலு ரிங்கிட் இருபது சென், சரோ," என்றார் சாம்பசிவம், தொலைபேசியை மேசைமேல் வைத்தபடி. "கறுப்பு பக்கம் பத்து சென், கலர் ஐம்பது. கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்து அடிச்சு பைண்டிங் முப்பத்தஞ்சு. நாற்பத்தஞ்சு சென்னுக்கு கலர் தாங்கன்னா அசைய மாட்டேங்கிறான்."

"அந்த காசுக்கு ஒரு வாரம் தோசை சாப்பிடலாம்," என்றாள் சரோஜினி.

"தோசையை எத்தனை பேர் நூலகத்துல வச்சுப் படிப்பாங்க?"

அவ்வளவுதான் பேச்சு. அன்று மாலை வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தவர், வாளியருகே உட்கார்ந்தார்; பிறகு எழுந்திருக்கவே இல்லை.

வடிகால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். ஓய்வுக்குப் பிறகு, காஹாங் பக்கத்து வெள்ளத்தைப் பற்றி ஆய்வு செய்து, வைவா என்ற வாய்மொழித் தேர்வையும் முடித்திருந்தார். பரிசோதகர்கள் கேட்ட திருத்தங்களையும் செய்துவிட்டார். கட்டிய மூன்று பிரதிகள் அந்த மாத முடிவுக்குள் வந்தால், இறந்த பிறகும் பட்டத்தை அவர் பெயருக்கே தருவதாகப் பல்கலைக்கழகம் சொன்னது. நாலாவது பிரதி வீட்டுக்கு.

ரெங்கத்திலிருந்து பஸ் பிடித்து, ஸ்கூடாயில் அவர் விலை கேட்டிருந்த நகல் கடைக்குப் போனாள் சரோஜினி. கடைக்காரர் ஜாஸிம் பென்டிரைவைச் செருகினார். உள்ளே இரண்டு கோப்புகள்: 'ஃபைனல்', 'ஃபைனல் ஓகே'.

"எது ஆன்ட்டி?"

அவளுக்குத் தெரியவில்லை. மகள் இரண்டையும் மின்னஞ்சலில் அனுப்பி, இவள் இறக்கி வைத்ததில் தேதியும் ஒன்றாகிவிட்டது; எது கடைசி என்று மகளுக்கும் தெரியாது. ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியரும் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். திருத்தாததைக் கட்டிக் கொடுத்துவிட்டால் அத்தனை வருஷ உழைப்பும் பழைய பிழைகளோடு அலமாரியில் ஏறிவிடும்.

"ஓகேன்னு போட்டதுதானே கடைசியா இருக்கும்?"

"அலமாக், ஆன்ட்டி! இங்க வர்ற பிள்ளைங்க எல்லாரும் ஓகேன்னுதான் போடுவாங்க. பைண்டிங் முடிஞ்சப்புறம் ஓகே இல்லன்னு ஓடி வருவாங்க லா."

சரோஜினிக்கு அவர் சொன்ன அறுபத்து நாலு ரிங்கிட் இருபது சென் நினைவுக்கு வந்தது. "இரண்டுக்கும் விலை போட்டுப் பாருங்க, தம்பி."

ஜாஸிம் போட்டார். கலர் பக்கம் எது, கறுப்பு எது என்று மெஷினே பிரித்துச் சொன்னது. 'ஃபைனல்' அறுபத்து மூன்று ரிங்கிட் அறுபது சென். 'ஃபைனல் ஓகே' அறுபத்து நாலு அறுபது.

இரண்டுமே அவர் சொன்ன கணக்கு இல்லை. ஆனால் சாம்பசிவம் கூட்டலில் தவறுகிறவர் அல்ல. கோழிக் கடையில் கல்குலேட்டரைத் திருத்தியவர்.

"நாற்பது சென் கூட வருது," என்றாள், இரண்டாவது விலையைப் பார்த்து. ஒரு கறுப்பு பக்கம் கலரானால் எவ்வளவு கூடும்? ஐம்பதில் பத்து போனால் நாற்பது. "தம்பி, அவர் கறுப்புன்னு நினைச்ச ஒரே ஒரு பக்கத்தை உங்க மெஷின் கலர்னு சொல்லுது. அதுல கலர் பக்கமெல்லாம் காட்டுங்க."

ஜாஸிமுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வரைபடங்கள், மழை அட்டவணைகள், ஆற்றுப் படங்கள் என்று இருபது பக்கம் ஓடியது. இருபத்தொன்றாவதில் வெறும் எழுத்து. மேற்கோள் நூல் பட்டியல்.

"இதுல எங்க கலர்?"

"இந்தா, ஆன்ட்டி." நடுவில் ஒரு இணைய முகவரி, அடிக்கோடிட்டு நீலமாக நின்றது. "கம்ப்யூட்டர் தானா நீலமாக்கிடும். ஒரு எழுத்து நீலம் இருந்தாலும் மெஷினுக்கு முழுப் பக்கமும் கலர்தான். அங்கிள் படத்தை மட்டும் எண்ணியிருப்பாரு."

முதல் கோப்பைத் திறந்தார்கள். படங்கள் பத்தொன்பதுதான். நீல வரியும் இல்லை. விட்டுப்போனது எது என்று அவள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். காஹாங் பாலத்தின் அடியில், வெள்ளம் ஏறிய கறை. வைவா முடிந்த பிறகு, இன்னொரு படம் வேண்டும் என்று கேட்டார்களென்று மழையில் போய் எடுத்தது. அவர் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான். 'நகராதே, படத்துல நிழல் விழுது' என்று அன்று திட்டும் வாங்கினாள்.

"இதுதான்," என்றாள்.

ஜாஸிம் மறுபடி நீல வரிப் பக்கத்தைத் திறந்தார். "அந்த ஒரு பக்கத்தை மட்டும் கறுப்புல அடிச்சுத் தரவா? நாலு காப்பிக்கு ஒரு ரிங்கிட் அறுபது சென் மிச்சம். அங்கிள் இருந்தா விட மாட்டாரு."

"விட மாட்டார்தான்." அவள் சிரித்துவிட்டாள். "ஆனா அவர் கண்ணுல படாம ஒண்ணு தப்பிச்சிருக்கே, தம்பி. அது இருந்துட்டுப் போகட்டும்."

மெரூன் அட்டையில் தங்க எழுத்தோடு நாலும் வந்தன. மூன்று பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தன, மாத முடிவுக்கு முன்பே. பட்டமும் வந்தது. நாலாவது ரெங்கத்து வீட்டில், தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில், கறுப்பு வரிகளுக்கு நடுவே, அந்த ஒரு வரி நீலமாகவே இருக்கிறது.