மூன்றாவது கொட்டேசன்

கணக்கறிக்கை மூன்று நாளாக மேசையில் கிடந்தது. கணக்காய்வாளர் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தித் தந்துவிட்டார். அதோடு நன்கொடையாளர்களுக்கு அனுப்பவேண்டிய ஒரு பக்கக் கடிதம்தான் பாக்கி. அதை எழுதுவது செயலாளர் பிரேமினியின் வேலை.

முள்ளந்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்களுக்கான சங்கம் அது. முல்லைத்தீவு நகருக்கு வெளியே ஒரு வாடகை வீட்டில் இயங்கியது. நாற்பத்தாறு அங்கத்தவர்கள். பொருளாளர் ஸ்ரீபனும் அவர்களில் ஒருவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே பற்றுச்சீட்டுகளை ஒட்டுவார்.

பிரேமினி எழுதாமல் இழுத்தடிப்பதைப் பார்த்துத் தலைவர் வீரையா தானே ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"சிக்கனமான நிர்வாகத்தின் பயனாக இவ்வாண்டு மூன்று இலட்சத்து நாற்பத்தீராயிரம் ரூபா மிகை ஏற்பட்டுள்ளதென்பதை மகிழ்ச்சியுடன்..."

"ஐயா, ஆருக்கு மகிழ்ச்சி?" என்றார் ஸ்ரீபன். "எங்கட பொதுக்கணக்கு எழுபத்தெட்டாயிரம் குறை. வீட்டு விசிட்டுக்கு ஓடின ஓட்டோக் காசு முழுங்கிப்போட்டுது. நீங்கள் மிகையெண்டு சொல்லுறது மெத்தைக் காசு. நாலு இலட்சத்து இருபதாயிரம், தொடாமல் கிடந்தது."

"ரெண்டையும் கூட்டிக் கழிச்சால் மிகைதானே?"

"கணக்காய்வாளர் கூட்டேல்லையே. பொதுநிதி ஒரு நிரல், மெத்தை நிதி ஒரு நிரல். மெத்தைக்கெண்டு தந்த காசை வேற எதுக்கும் எடுக்கேலாது. வாசிக்கத் தெரிஞ்சவன் அரை நிமிசத்திலை பிடிப்பான்."

வீரையா பேனையை எடுத்தார். "சரி. மெத்தை விக்கிறவன் சுணங்கிப்போட்டான் எண்டு போடுவம். அடுத்த வருசம் சேர்த்துச் செலவழிக்கிறம் எண்டும் போடுவம். என்ன பிள்ளை?"

பிரேமினி கணக்கறிக்கையைப் புரட்டினார். விற்கிறவன் சுணங்கவில்லை.

முந்தைய ஆண்டுக் கடிதத்தில் ஒரு படம் போயிருந்தது. அங்கத்தவர்களில் ஒருவரான கரையோரத்து மீனவர் கொலின்ஸ் பழைய பஞ்சு மெத்தையில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் படம். படுக்கைப்புண் வராமல் காக்க மின்பம்பியில் இயங்கும் காற்று மெத்தைகள் தேவை என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். படத்தைப் பார்த்துச் சுவிசிலிருந்து ஒரு குழுவினர் பத்து மெத்தைகளுக்குப் பணம் அனுப்பினார்கள். ஆகஸ்ட் கடைசியில் அது வங்கிக்கு வந்தது.

ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கொள்வனவுக்கு மூன்று கடைகளின் கொட்டேசன், அதாவது விலைத்தாள், வேண்டும். சங்கத்துக்கு அந்த விதியை எழுதியவர் பிரேமினி. அதற்கு முன்பு, எந்தக் கடையில் வாங்குவதோ அந்தக் கடைக்காரரே மூன்று கடைகளின் விலைத்தாள்களையும் ஒரே உறையில் போட்டுக் கொண்டுவருவார். மூன்றிலும் ஒரே பேனை மை. ஊரில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். பிரேமினி அதை நிறுத்தினார். நன்கொடையாளர்கள் அவரைப் பாராட்டி எழுதிய கடிதம் சட்டமிட்டு அலுமாரிக்கு மேலே மாட்டியிருந்தது.

செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் இரண்டு விலைகள் வந்தன. குறைந்தது நாற்பத்தீராயிரம். மூன்றாவதைத் தானே ஒழுங்குபண்ணித் தருவதாக யாழ்ப்பாணக் கடைக்காரர் சொன்னார். பிரேமினி மறுத்துக் கோப்பினை மூடினார். உண்மையான மூன்றாவது விலை டிசெம்பர் கடைசியில் வந்தது: நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு. பத்து மெத்தையில் ஐயாயிரம் ரூபா மிச்சம். ஜனவரியில் மெத்தைகள் வந்திறங்கின.

கொலின்ஸ் நவம்பரில் இறந்துபோனார். புண் எலும்புவரை போய்க் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது.

"சுவிசிலை இருந்து நேற்று ஒரு மெசேஜ்," என்றார் ஸ்ரீபன் மெதுவாக. "படத்திலை இருந்த அண்ணைக்கு மெத்தை குடுத்தாச்சோ எண்டு கேக்கினம்."

"அதுக்குத்தான் சொல்லுறன்," என்றார் வீரையா. "உள்ளதை எழுதினால் அடுத்த வருசம் சல்லி வராது. மற்ற நாற்பத்தைஞ்சு பேரும் என்ன செய்யிறது? நீ ஒரு சதம் எடுத்தனியோ பிள்ளை? இல்லையே."

எடுத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று பிரேமினிக்குத் தோன்றியது. திருப்பிக் கட்டலாம்.

அன்று பின்னேரம் அவர் கொலின்ஸின் தமக்கை மதலேனாவிடம் போனார். மதலேனா முற்றத்தில் இருந்து வலையில் சிக்கிய நண்டோடுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒக்டோபரில் அவர் போன் எடுத்து மெத்தையைப் பற்றிக் கேட்டபோது, சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேணும் என்று பிரேமினி சொல்லியிருந்தார். மூன்றாவது விலைத்தாள் வரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"கதிரையிலை இருங்கோ தங்கச்சி."

மூன்றாவது விலைக்காகக் காத்திருந்ததைப் பிரேமினி நின்றபடியே சொல்லிமுடித்தார். மதலேனாவின் கை வலையில் நின்றது.

"அப்ப காசு எப்ப வந்தது?"

"ஆகஸ்ட் கடைசியிலை."

"அவனுக்குப் புண் பெருத்தது ஒக்டோபரிலை." வலையை மடியில் விட்டுவிட்டு, "நான் ஒவ்வொரு பின்னேரமும் செபமாலை சொன்னனான். கப்பல் கெதியா வரவேணும் எண்டு. கப்பலே இல்லை, என்ன?" என்றார்.

"இல்லை அக்கா."

"மூண்டாவது கடையிலை எவ்வளவு குறைவு?"

"ஒண்டுக்கு ஐந்நூறு."

"நல்ல மலிவு."

பிரேமினி நிலத்தைப் பார்த்தார். "நன்கொடை தந்த ஆக்களுக்கு இதை எழுதப்போறன். உங்களுக்குச் சொல்லாமல் எழுதக்கூடாது."

"எழுதினால் உங்களுக்குச் சுகமாயிருக்குமோ?"

மதலேனா மறுபடி வலையை இழுத்தார். "அனுப்ப முதல் எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ."

மறுநாள் காலை பிரேமினி எழுதி முடித்தார். வீரையா ஒருமுறை வாசித்தார். "'நான்' எண்டு போடாதை. 'சங்கம்' எண்டு போடு. சங்கத்துக்கு முகம் இல்லை," என்றார். பிரேமினி மாற்றவில்லை. வீரையா தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். பிரேமினி மதலேனாவுக்குப் போன் எடுத்து வாசித்தார்.

"எமது பொதுநிதி இவ்வாண்டு 78,000 ரூபா குறையில் முடிந்தது. வீட்டுப் பராமரிப்புப் பயணச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியதே காரணம். மெத்தைகளுக்காக நீங்கள் தந்த 4,20,000 ரூபா டிசெம்பர் 31 வரை செலவழிக்கப்படவில்லை. இது சேமிப்பல்ல. ஜனவரியில் 4,15,000 ரூபாவுக்குப் பத்து மெத்தைகள் வாங்கப்பட்டன. மீதி 5,000 ரூபா அதே நிதியில் உள்ளது. அதை என்ன செய்வதென்று நீங்களே சொல்லவேண்டும். செப்டெம்பரிலேயே வாங்கியிருக்கலாம். மூன்றாவது கொட்டேசனுக்காகச் செயலாளராகிய நான் காத்திருந்தேன். அவசர மருத்துவத் தேவைக்கு இரண்டு விலைகளோடு நிர்வாகசபை தீர்மானிக்கலாம் என்று விதியை இப்போது மாற்றியுள்ளோம். நீங்கள் கேட்ட திரு. கொலின்சுக்கு மெத்தை கிடைக்கவில்லை. அவர் நவம்பர் 18ஆம் திகதி இறந்தார்."

"பதினேழு," என்றார் மதலேனா.

"என்ன அக்கா?"

"அவன் செத்தது பதினேழாம் திகதி. பதினெட்டு நீங்கள் மலர்வளையத்தோட வந்த நாள்."

பிரேமினி ஒரு எண்ணை மாற்றி மறுபடி அச்செடுத்தார். பிறகு தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டார்.