எட்டு ஸ்லைட்டில் ஒரு ‘நான்’

பிள்ளைகளின் வயிற்றுக்கு என் அக்கா, சகீனா ராத்தா, போட்ட விலை எண்ணூறு ரூபா. ஒரு பெட்டி ஐஸின் விலை அது. ஒரு புதன்கிழமை அதை மிச்சம் பிடித்து, கண்டி மார்க்கட்டில் வாங்கிய சூரை மீனை வெறும் பெட்டியில் கலஹாவில் தான் சமைக்கும் பாடசாலைக்குக் கொண்டுபோனா. அப்படி வெக்கையில் ஏறிய நஞ்சு அடுப்பில் இறங்காது. முப்பத்தொரு பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எல்லாரும் சுகமாகித் திரும்பினார்கள்.

பாடசாலைச் சாப்பாடு தொடருமா என்று பெற்றார் கூட்டம் முடிவு செய்யும்; பாதிப் பேருக்கு மேல் சம்மதத் தாளில் கையெழுத்திட்டால் தொடரும். அது போனால் ராத்தாவுக்கு வேறு பிழைப்பில்லை. ஸ்லைட் செய்தது நான். துணிக்கடைக்காரன் எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்: வந்தவரை முன்னே வை, உன் பேச்சைப் பின்னே வை. எட்டிலும் ‘நீங்கள்’தான்.

இரண்டாவது ஸ்லைட் திரையில் விழுந்தது: ‘உங்கள் பிள்ளைகள் நோயுற்றார்கள். நீங்கள் கவலைப்படுகிறீர்கள்.’

ஞானேஸ்வரி எழுந்தா. தேயிலைக் கொழுந்துக் கறை போகாத விரல்கள். அவவின் மகனும் அந்த முப்பத்தொருவரில் ஒருவன்.

“எம் புள்ள வாந்தி எடுத்தத நாந்தானே கழுவுனேன், எனக்கா சொல்லித் தாறீங்க? நீங்க என்னா செஞ்சீங்க, அதச் சொல்லுங்க சகீனாக்கா.”

அதிபர் பத்து நிமிடம் தேநீர் என்றார்.

“ருஷ்தி, நான் ஐஸ் வாங்கலண்டு எழுது,” என்றா ராத்தா.

“சரக்குப் பழுதுண்டு கடைக்குள்ள நிண்டு கத்துவாங்களா ராத்தா? ‘தவறு நடந்துவிட்டது’ண்டு போடுவோம்.”

“நடக்கிறதுக்கு அதுக்குக் காலா ஈக்கு? எழுது.”

இரண்டாவது ஸ்லைட்டை அழித்து எழுதினேன். ‘புதன்கிழமை நான் ஐஸ் வாங்கவில்லை. எண்ணூறு ரூபாவுக்காக.’ கை சூடு பிடித்ததும் மற்ற ஸ்லைட்டுகளிலும் ‘நான்’ போடப் போனேன். ஏழாவதில் ‘இனி நானே கவனமாகப் பார்ப்பேன்’ என்றதும் ராத்தா கையைத் தட்டிவிட்டா.

“நான் பாக்கிறேண்டு சொன்னா அவங்க ஏன் நம்போணும்? பாத்தவள்தானே இந்தக் கூத்துக் காட்டினது. அதுல அவங்களப் போடு.”

ஏழாவது இப்படியானது: ‘காலை எட்டு மணிக்கு நீங்கள் பெட்டியைத் திறக்கலாம். வெப்பமானியை நீங்களே வைத்துப் பாருங்கள். ஐந்து பாகை செல்சியஸுக்கு மேல் காட்டினால் மீனைத் திருப்பி அனுப்புங்கள்.’

தேநீர் முடிந்ததும் இரண்டாவது ஸ்லைட்டை ராத்தாவே வாசித்தா. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. யாரும் எழுந்து போகவுமில்லை. ஏழாவது வந்தபோது பின்வரிசையில் ஒருவர், “வெப்பமானி யாருகிட்ட இருக்கும்?” என்றார்.

“ஒங்ககிட்ட,” என்றா ராத்தா.

ஞானேஸ்வரி சம்மதத் தாளை வாங்கிக் கடைசி வரை வாசித்தா. “திங்கக்கெழம எட்டு மணிக்கு வாறேன். பெட்டியப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.” தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டா.

அதிபர் மேசையில் எண்ணினோம். கொடுத்த தாள் நூற்றெழுபத்தொன்று. கையெழுத்து விழுந்தது தொண்ணூற்று நான்கு. மறுத்தது நாற்பது. இன்னும் வர வேண்டியது முப்பத்தேழு.