நடுவில் மைனஸ் பதினெட்டு

கடைசிக் கட்டு விடைத்தாளில் என் சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

கேள்வி நான் தயாரித்ததுதான். (1, 6), (3, 54) என்ற இரு புள்ளிகள் வழியே போகும் அடுக்குக்குறி வளைவுக்கு y = a × bˣ என்ற சமன்பாடு காண வேண்டும். ஐம்பத்து நான்கை ஆறால் வகுத்தால் b-யின் வர்க்கம் ஒன்பது. ஆக b மூன்று, a இரண்டு. ஒருத்தி மட்டும் b மைனஸ் மூன்று, a மைனஸ் இரண்டு என்று எழுதி, இரண்டு புள்ளிகளையும் போட்டுச் சரிபார்த்தும் வைத்திருந்தாள்.

"ரெண்டும் பொருந்துதேக்கா. முழு மார்க் போட்டுட்டு வீட்டுக்குக் கெளம்புங்க" என்றாள் இயற்பியல் டீச்சர், பையை மாட்டிக்கொண்டே.

"நடுவுல x-க்கு ரெண்டு போட்டுப் பாரு, மைனஸ் பதினெட்டு வரும். ஆறுலேருந்து அம்பத்துநாலுக்கு ஏறுற வளைவு எதுக்குடி பாதாளத்துக்குப் போகுது? b ப்ளஸ்ஸாதான் இருக்கணும்னு வகுப்புல தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"நடுவுல யாருக்கா பார்க்கப்போறாங்க?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பாதி மதிப்பெண்ணை வெட்டினேன். போன் அடித்தது. காலையும் சாயங்காலமும் தவறாமல் கூப்பிடும் அம்மா.

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேம்மா." காலையிலும் இதையேதான் சொல்லியிருந்தேன். மத்தியானம் கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதது யார் காதிலும் விழுந்திருக்காது.

"சரி, வச்சிடட்டுமா?"

"வைக்காதம்மா. மத்தியானம் எப்படி இருந்தேன்னு கேளு."