நாலு வேலை சேர்ந்தால் வருவேன்

பிட்டருக்கு வேலை போய் ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரே தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பூட்டிச் சரிசெய்யும் ஃபிட்டர் வேலை; அதுவே அவர் பெயராகவும் ஒட்டிக்கொண்டது. ஓடுகிற இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரின் கையில் ஒரு தொகையையும் ஒரு பாராட்டுச் சான்றிதழையும் திணித்துவிட்டுத் தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். சான்றிதழ் பீரோவுக்குள் போய் ஒளிந்துகொண்டது. தொகைதான் வங்கியில் உட்கார்ந்துகொண்டு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்தது.

குறிப்பாக மைத்துனனின் தூக்கத்தை. பிட்டர் மனைவியின் தம்பி அவன். வட்டாரத்தில் அவனுக்கு ‘ஐடியா’ என்றே பெயர். வாரத்துக்கு ஒரு யோசனை அவனிடம் சூடாக இருக்கும். அவற்றில் ஒன்றுகூட இதுவரை எழுந்து நடந்ததில்லை, அது வேறு கதை. இந்த வாரத்து யோசனை, செல்போன் கவர் கடை. தெருமுனையில் இடம்கூடப் பார்த்துவிட்டான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். கட்டினால் திரும்பி வராது. பிட்டரின் தொகையில் முக்கால்வாசி அதற்கே சரியாகிவிடும்.

“நாப்பது வீட்ல கேட்டுட்டேன் மாமா. முப்பத்தாறு வீட்ல கடை வந்தா கண்டிப்பா வாங்குவோம்னு சொல்லிட்டாங்க” என்றான் ஐடியா, வியாழக்கிழமை சாயங்காலம், நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு.

பிட்டருக்கு நம்பிக்கையும் இல்லை, மறுக்கத் தெம்பும் இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு எந்தக் கதவு திறந்தாலும் அதற்குள் நுழைந்துவிடலாமா என்றுதான் தோன்றும். பயந்து போயிருந்தார், அவ்வளவுதான்.

அவர் மனைவிக்கு அதே தெருவில் ஒரு மருந்துக் கடையில் வேலை. தெருவில் யாருக்குத் தலைவலி, யாரால் தலைவலி என்பது வரை அவளுக்கு அத்துப்படி. தம்பியின் நோட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

“வாசல்ல வந்து நின்னு கேட்டா எவன்டா இல்லைன்னு சொல்வான்? கடைசியா எப்ப கவர் வாங்கினீங்க, எங்க வாங்கினீங்கன்னு கேட்டியா?”

“அதெல்லாம் எதுக்கு?”

“வாங்குவேன்னு சொல்றது உபசாரம். வாங்கினதுதான் நிஜம். நீங்க போய்க் கேளுங்க” என்று கணவர் பக்கம் திரும்பினாள். “எதைக் கேக்கறீங்களோ இல்லையோ, கண்ணைத் திறந்து வச்சிருங்க.”

வெள்ளிக்கிழமை காலை பிட்டர் கிளம்பினார். அந்தத் தெருவில் ஆறு குடியிருப்புகள், எல்லாம் நாலு மாடி, ஒன்றிலும் லிஃப்ட் கிடையாது. அவருடைய கட்டடத்திலிருந்தே ஆரம்பித்தார். முதல் வீட்டில் தையல்காரம்மா. கவர் வாங்கி இரண்டு வருஷமாம். கணினிப் பயிற்சி ஆசிரியர் வீட்டில் போனோடு இலவசமாக வந்ததாம். அதற்கு மேல் வீட்டில் பார்சலில் வரவழைத்தார்களாம், தெருவில் ஏற்கெனவே நாலு கடை இருக்கும்போதே. ஐடியாவின் முப்பத்தாறு பேர் ஒவ்வொருவராகக் காற்றில் கரைந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் கேள்வி கேட்ட வாயை விட, பார்த்த கண்ணுக்குத்தான் அன்று வேலை அதிகம். தையல்காரம்மா வீட்டுக் கதவு மூடவே மாட்டேன் என்றது. அடியில் மடித்த அட்டை ஒன்றைச் செருகி அதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தார். ஆசிரியர் வீட்டுத் திரைச்சீலைக் கம்பி ஒரு பக்கம் கொக்கியிலும் மறுபக்கம் பிளாஸ்டிக் கயிற்றிலும் தொங்கியது. மேல் வீட்டுக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே ஒரு பாத்திரம், அது நிறைந்தால் மாற்றுவதற்கு இன்னொரு பாத்திரம். அந்த வீட்டுக்காரர்களுக்குச் சத்தமே கேட்பதில்லையாம், பழகிவிட்டதாம். பிட்டருக்குக் கேட்டது. கை நமநமவென்று அரித்தது.

மத்தியானம் சாப்பிட வந்த மனைவியிடம் சொன்னார்: “எல்லா வீடும் கயித்துலயும் அட்டையிலயும்தான் நிக்குது. ஒரு கட்டடத்துலயே ஒம்போது எண்ணினேன்.”

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “இப்பத்தான் புரியுது. திங்கட்கிழமை ஆச்சுன்னா எங்க கடைக்கு நாலஞ்சு கட்டைவிரல் வரும். நசுங்கி நீலம் பாரிச்சு. ஞாயித்துக்கிழமை லீவுல சுத்தியலைத் தூக்கியிருப்பாங்க. நான் பிளாஸ்திரி வித்துக்கிட்டே இருக்கேன், ஏன்னு யோசிச்சதே இல்ல.”

“இது கான்கிரீட் சுவரு. ஆணி வளையும், விரல்தான் நசுங்கும். துளை போட்டு, அதுக்குள்ள பிளாஸ்டிக் பிளக் வச்சு, ஸ்க்ரூ முறுக்கணும்.”

“அது உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே.”

பிட்டர் முகம் சுருங்கிவிட்டது. அவர் எந்தத் திசையில் போகிறார் என்பது அவருக்கே பிடிக்கவில்லை. இரண்டு ஆள் உயர இயந்திரங்களைப் பிரித்துப் போட்டுப் பூட்டியவர். வீடு வீடாகப் போய்க் கொக்கி மாட்டுவதா? பழைய கூட்டாளிகள் யாராவது பார்த்தால்?

“ஆணி அடிக்கறவன்னு பேர் வாங்கச் சொல்றியா?”

“நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்குச் சும்மாதானே இருக்கீங்க, அந்தக் குழாயையாவது நிறுத்திட்டு வாங்க.”

சனிக்கிழமை துளையிடும் இயந்திரத்தையும் கருவிப் பெட்டியையும் ஏணியையும் எடுத்துக்கொண்டு படியேறினார். குழாய்க்குத் தேவைப்பட்டது ஒரு புது வாஷர். வால்வை மூடி, கழற்றி, மாற்றி, திறந்து பார்க்கப் பத்து நிமிஷம். வீட்டுக்காரம்மா காசு நீட்டினாள். “ஒரு வாஷருக்குப் போய் என்னம்மா” என்று கையை உதறிவிட்டுக் கம்பீரமாக இறங்கினார். ஆசிரியரின் திரைச்சீலைக்கும் அதே பதில். தையல்காரம்மாவின் கதவைக் கீலிலிருந்து கழற்றி, அடிப்பக்கம் கொஞ்சம் இழைத்து மாட்டிக்கொடுத்தார். அங்கேயும் அதே கம்பீரம்தான்.

மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தர் தனியாக இருந்தார். அவர் வீட்டு வரவேற்பறையில் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்று தரையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

“குடிவந்த நாள்லேர்ந்து அப்படியேதான் நிக்குது. பதினாலு மாசம்” என்றார் நர்ஸம்மா. “தச்சருக்கு நாலு தடவை போன் பண்ணேன். ரெண்டு துளை போட நான் ரெண்டு பஸ் ஏறி வரணுமான்னு கேட்டார். அவர் சொல்றதும் நியாயந்தானே. பொட்டு சரியா இருக்கான்னு ஸ்பூன்ல பாத்துக்கறேன்.”

பிட்டர் அளவெடுத்து, மட்டம் பார்த்து, துளை போட்டு, கண்ணாடியைத் தூக்கி மாட்டினார். நர்ஸம்மா எதிரே வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்து, “பரவாயில்லையே, நான் அவ்வளவு மோசமா இல்ல” என்றார். பிட்டருக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருஷம் இயந்திரங்களைச் சரிசெய்தாரே, ஒரு இயந்திரமாவது இப்படி முகம் மலர்ந்ததா?

நர்ஸம்மா காசை எடுத்தார். இவர் வழக்கம்போல் கையை உதறினார்.

“வாங்கிக்கோங்க தம்பி” என்றார் நர்ஸம்மா, விட்டுக்கொடுக்காத குரலில். “சமையலறையில ஒரு அலமாரி ஆடுது. நீங்க காசு வாங்கலேன்னா அதுக்கு எந்த முகத்தோட உங்களைக் கூப்பிடுவேன்? கீழ் வீட்டுக்காரங்களும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்காங்க. அடுத்ததுக்குக் கூப்பிடக் கூச்சமா இருக்காம்.”

பிட்டருக்கு அப்போதுதான் உறைத்தது. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு காலையிலிருந்து மூன்று வீட்டுக் கதவை அவரே சாத்திவிட்டு வந்திருக்கிறார். காசை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். அலமாரியையும் பார்த்தார், அதற்கும் வாங்கினார். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தார். இல்லை. உள்ளே ஏதோ நிமிர்ந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஒரு கட்டடத்தில் ஏழு வேலை முடிந்திருந்தது. கருவிப் பெட்டி கட்டட வாசலைத் தாண்டவே இல்லை, மாடிக்கு மாடி ஏறி இறங்கியதோடு சரி. இறங்கும்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. தச்சருக்குக் கட்டுப்படியாகாதது வேலை இல்லை, வழிதான். ஒரு துளைக்கு ஒரு பயணம் என்றால் யாருக்கும் கட்டாது. ஒரே வாசலில் நாலு வேலை சேர்ந்துவிட்டால் கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கணவனும் மனைவியும் தரையில் உட்கார்ந்து எழுதினார்கள். ஒவ்வொரு கட்டடத்தின் படிக்கட்டு அடியிலும் ஒட்ட ஒரு தாள்: வீட்டு எண், என்ன வேலை, எப்போது வீட்டில் இருப்பீர்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கிழமை. சின்ன வேலை எல்லாவற்றுக்கும் ஒரே கூலி. அரை மணியைத் தாண்டும் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுவார். மின்சாரப் பலகையில் கை வைக்க மாட்டார், அதற்கு எலக்ட்ரீசியன். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில்: நாலு வேலை சேர்ந்தால் வருவேன்.

“கொஞ்சம் திமிரா இல்ல?” என்றார் பிட்டர்.

“இருக்கட்டும். அப்பத்தான் அவங்களே பக்கத்து வீட்டைக் கூப்பிடுவாங்க” என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஐடியா வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒப்பந்தத் தாள். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

“ஆணி அடிக்கறதா மாமா? இதுக்கெல்லாம் யாரு காசு குடுப்பா?”

“சனிக்கிழமை ஒரே நாள்ல நாலு வேலைக்குக் குடுத்தாங்க மாப்ள. நேத்து எதிர் கட்டடத்துலேர்ந்தும் வீடு தேடி வந்தாங்க.”

“அது இந்தத் தெருவுல. எங்க பக்கம் எல்லாம் ஒருத்தனும் சீண்ட மாட்டான்.”

மருந்துக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி செருப்பை மாட்டியபடியே கேட்டாள்: “உங்க வீட்டு பாத்ரூம் கதவு தாழ்ப்பாள் என்னடா ஆச்சு?”

ஐடியா கொஞ்சம் மென்று விழுங்கினான். “அது... குளிக்கறப்ப பாட்டுப் பாடிக்கிட்டே இருந்தா போதும், யாரும் உள்ள வர மாட்டாங்க.”

“எத்தனை நாளா பாடறே?”

“ஒரு வருஷம் இருக்கும்.”

பிட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐம்பது நாளாக அந்த வீடு கேட்காத சிரிப்பு. மனைவி வாசலிலேயே நின்று அதைக் கேட்டுவிட்டுப் போனாள்.

“சரி மாமா, சிரிச்சது போதும். இன்னிக்கு வந்து அதைப் போட்டுக் குடுத்துடுங்க” என்றான் ஐடியா.

“ஒரு தாழ்ப்பாளுக்கு வர முடியாது மாப்ள. உங்க கட்டடத்துல இன்னும் மூணு வேலை சேத்துக்கிட்டு வா.”

“நான் உங்க சொந்த மச்சினன்.”

“அதனாலதான் வாயால சொல்றேன். இல்லேன்னா தாளை நீட்டிட்டு உள்ள போயிருப்பேன்.”

ஐடியா வெற்றுத் தாள் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனான். அரை மணியில் வெறுங்கையோடு வந்து, நான் சொன்னேனே என்று நெஞ்சை நிமிர்த்தத்தான் போனான். அவன் கட்டடம் அடுத்த தெருவில். நாலு மாடி, பதினாறு வீடு.

அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. பிட்டர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். இந்த ஒரு தெரு மட்டும்தானா? எல்லாம் இங்கேயே ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டால்? பழைய பயம் மெல்லத் தலை தூக்கியது.

பதினொன்றரை மணிக்கு ஐடியா திரும்பி வந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தாளின் முன்பக்கம் நிரம்பிப் பின்பக்கமும் பாதி வந்திருந்தது. பதினேழு வேலை. ஒப்பந்தத் தாளை எங்கே விட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. முன்பணம் கட்ட வேண்டிய பத்து மணியை அவன் இரண்டாவது மாடியிலோ மூன்றாவது மாடியிலோ நின்றுகொண்டு கடந்திருக்கிறான்.

மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். குரலே மாறிப்போயிருந்தது.

“மாமா, கவர் கடைக்குக் கேட்டப்ப எல்லாரும் வாசல்லயே நின்னு ‘வாங்குவோம் வாங்குவோம்’னு சொல்லிக் கதவைச் சாத்தினாங்க. இன்னிக்கு உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டறாங்க. வருவீங்களான்னு ஒருத்தர்கூடக் கேக்கல மாமா. எப்ப வருவீங்கன்னுதான் கேக்கறாங்க.”