முப்பத்து நான்கு தலையாட்டல்கள்

என் பாடத்திட்டத்தில் முப்பத்தைந்தாம் நிமிடத்துக்கு நேராக ‘புரிதல் சோதனை’ என்று எழுதியிருந்தேன். சோதனை இதுதான்: “புரிஞ்சுதா?” முப்பத்து நான்கு தொண்டைகள் கூரை அதிரக் கத்தின: “புரிஞ்சுது மிஸ்!”

பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த தலைமையாசிரியை சொன்னார்: “பெல் அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கு. ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டுல ஒரு கணக்கு போடச் சொல்லுங்க.”

மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். சீட்டுகளைப் பிரித்தோம். சரியாகப் போட்டவர்கள் ஒன்பது பேர். மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டி ஏழில் இரண்டு என்று எழுதியவர்கள் இருபத்தொருவர். நான்கு சீட்டில் படம்தான் இருந்தது. அதில் ஒன்று நான், மூக்கை மட்டும் தயவுபண்ணிக் கொஞ்சம் குறைத்து.

“நாளைக்கு என்ன?”

“கழித்தல், மேடம். திட்டத்துல இருக்கு.”

“கூட்டலே தெரியாதவங்களுக்கா? திட்டத்தைக் கழிங்க.”

முணுமுணுத்துக்கொண்டே திட்டத்தை மாற்றினேன். மறுநாள் ஒரே நீளக் காகிதப் பட்டைகளில் மூன்றில் ஒன்றையும் ஏழில் இரண்டையும் வெட்டி அருகருகே வைக்கச் சொன்னேன். வகுப்பிலேயே உரக்கக் கத்தும் வாயாடி திகைத்தாள்.

“மிஸ், கூட்டினப்புறம் குறைஞ்சு போச்சே!”

அங்கிருந்து, இரண்டு பின்னத்துக்கும் ஒரே கீழெண் தரும் பொதுப் பகுதிக்கு வந்தோம். பெருமையில், பழக்கதோஷம், வாய் நழுவியது: “புரிஞ்சுதா?”

வாயாடி தன் வெற்றுச் சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள்.

“அப்படிக் கேட்டா ஆமான்னுதான் சொல்லுவோம் மிஸ். கணக்கு குடுங்க.”